காலைப் பூட்டி மாமன் வந்தானா?

பாட்டு தமிழ்ப் பாட்டு. எழுத்து ஆங்கில எழுத்து.

இப்படி ஒரு கலப்பு இன்று வீட்டுக்கு வீடு நடமாடுகிறது. செல்போன் "டிங்" என்று கூப்பிடுகிறது. எடுத்துப் பார்த்தால், மகனோ பேரனோ ஒரு பாட்டு அனுப்பி இருக்கிறான். "இதைத் தமிழில் எழுதி அனுப்புங்கள்" என்று கீழே ஒரு வரி. அனுப்பியவனுக்குத் தமிழ் பேச வரும். எழுத வராது. வெளியூரில், வேறு மொழிப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

சினிமாப் பாட்டு என்றால் கவலை இல்லை. பாட்டையே போட்டுக் கேட்டுச் சரி பார்த்துக் கொள்ளலாம். வீட்டுப் பாட்டு அப்படி அல்ல. தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் பல வீடுகளில் வாயோடு சரி. எந்தப் புத்தகத்திலும் அச்சாகாதவை. பாடிய வாய் மூடிவிட்டால், பேரன் ஆங்கில எழுத்தில் அடித்து வைத்த நாலு வரிதான் மிச்சம். அதைத் தப்பாகப் படித்தால், பாட்டே வேறு பாட்டாகிவிடும்.

அப்படிக் கிட்டத்தட்ட வேறு பாட்டாகிப் போன ஒரு தாலாட்டின் கதை இது.

247-ம் 26-ம்

தமிழில் எழுத்து 247. ஆங்கிலத்தில் 26. பெரிய வீட்டுச் சாமானைச் சின்ன வீட்டில் அடுக்கினால், ஒன்றின் மேல் ஒன்று ஏறத்தானே செய்யும்?

ல, ள, ழ ஆகிய மூன்றுக்கும் அங்கே l என்ற ஒரே எழுத்து. ந, ன, ண மூன்றுக்கும் n ஒன்றுதான். ர, ற இரண்டுக்கும் r. குறிலுக்கும் நெடிலுக்கும் பலர் ஒரே எழுத்தையே போடுகிறார்கள். a என்றால் அ-வும் அதுதான், ஆ-வும் அதுதான். ஒற்று இரட்டித்தாலும் ஓர் எழுத்தோடு நிறுத்திக் கொள்கிறார்கள்.

pattu என்று ஒரு சொல் வருகிறது. அது பட்டா, பாட்டா, பத்தா, பற்றா? சொல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

படித்த பெரியவர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 பாகங்களாகத் தமிழ் அகராதி வெளியிட்டது. அதில் ள-வுக்கு l-க்கு அடியில் ஒரு புள்ளி. ழ-வுக்கு அடியில் ஒரு கோடு. குழப்பமே இல்லை. ஆனால் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவசர அவசரமாகச் செல்போனில் தட்டுகிற பையன், புள்ளிக்கும் கோட்டுக்கும் எங்கே போவான்?

ஆச்சியின் பாட்டு

சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஓர் ஆச்சி. மும்பையில் இருந்து பேரன் விடுமுறைக்கு வந்தான். ஆச்சி தொட்டிலை ஆட்டிக் கொண்டே பாடினாள். பையனுக்குப் பாட்டு பிடித்துவிட்டது. தனக்குத் தெரிந்த எழுத்தில் தட்டி வைத்துக் கொண்டான்.

அடுத்த ஆண்டு ஆச்சி இல்லை.

குடும்பத்தில் புதுக் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் நாளில் ஆச்சியின் பாட்டைப் பாட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. பையன் பாட்டை எடுத்து அனுப்பினான். இதுதான் அது:

```
kanne unaku thotil kati vachen vembile
ponne unaku mani korthu vachen noolile
valai ilai virichu vachu
elai manam kathiruka
kalai pooti maman vandhan
nalaiku un per vaika
```

உறவினர் ஒருவர் இதைத் தன் செல்போனில் போட்டார். ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழாக்கிக் கொடுக்கும் வசதி அதில் உண்டு. ஒரு சொல்லுக்கு நாலைந்து தமிழ்ச் சொற்களை வரிசையாகக் காட்டும். சரியானதைத் தொட வேண்டும். அவர் அவசரத்தில் முதலில் நின்றதையே தொட்டுக் கொண்டு போனார். கடைசி நாலு வரி இப்படி வந்தது:

வலை இலை விரிச்சு வச்சு
இலை மணம் கதிருக்க
காலை போட்டி மாமன் வந்தான்
நாளைக்கு உன் பெயர் வைக்க

வலை எதற்கு? மாமன் என்ன போட்டிக்கு வந்தான்? வீட்டில் சிரித்தார்கள். ஆனால் எது சரி என்று சட்டென்று சொல்ல ஆள் இல்லை. "போட்டி இல்லை, பூட்டி" என்றார் ஒருவர். அப்படியானால் காலைப் பூட்டிக் கொண்டா மாமன் வந்தான்? அவன் என்ன கைதியா?

பையனின் சித்தி, ஆச்சியின் கடைசி மகள், பாட்டைத் தன் கைக்கு வாங்கிக் கொண்டாள்.

பையனின் கை வழக்கம்

சித்தி சந்தேகமான சொல்லில் கை வைக்கவில்லை. சந்தேகமே இல்லாத சொல்லில் இருந்து தொடங்கினாள். கெட்டிக்காரத்தனமான வேலை அதுதான்.

thotil என்பது தொட்டில். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. அந்த ஒரு சொல்லில் மூன்று செய்தி கிடைத்தன. பையன் த-வுக்கு th போடுகிறான். ட-வுக்கு t போடுகிறான். "ட்ட" என்று இரட்டித்தாலும் ஒரே t-தான் போடுகிறான்.

unaku என்பது உனக்கு. "க்க" இரட்டித்தாலும் ஒரே k. vachen என்பது வச்சேன். a என்று போட்ட இடத்தில் குறில். vandhan என்பது வந்தான். அங்கே இரண்டாவது a நெடில். ஆகவே a-வை நம்ப முடியாது. எழுத்தைத் தட்டுகிறவர் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு கை வழக்கம் இருக்கிறது. ஒருவர் த-வுக்கு t போடுவார். ஒருவர் ஓ-வுக்கு oo போடுவார். முதலில் அதைப் பிடித்துவிட வேண்டும். ஒருவர் வழக்கத்தை வைத்து இன்னொருவர் எழுதியதைப் படித்தால் குளறுபடிதான்.

இந்தப் பையன் ஊ-வுக்கு oo போடுகிறான். noolile என்பது நூலிலே. மணி கோர்ப்பது நூலில்தானே? ஓ-வுக்கு அவன் o-தான் போடுகிறான். korthu என்பது கோர்த்து. அப்படியானால் pooti போட்டி அல்ல, பூட்டி. ஒரு சிக்கல் தீர்ந்தது.

எழுத்தே காட்டிக் கொடுக்கும்

சில இடங்களில் தமிழ் எழுத்தின் சட்டமே விடை சொல்லிவிடும்.

n என்ற எழுத்தைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். மூன்றில் எது? பாதி இடங்களில் பயமே வேண்டாம். சொல்லின் முதலில் வந்தால் ந. தமிழ்ச் சொல் எதுவும் ன-விலோ ண-விலோ தொடங்காது. த-வுக்கு முன்னால் வந்தால் ந். வந்தான், பந்து, சொந்தம் என்று எதைப் பார்த்தாலும் அப்படித்தான். ட-வுக்கு முன்னால் என்றால் ண். வண்டி, நண்டு. ற-வுக்கு முன்னால் என்றால் ன். கன்று, நன்றி. ஆள் செய்த செயலைச் சொல்லி முடிகிற வந்தான், வச்சேன் போன்ற சொற்களின் கடைசியில் ன்.

மிச்சம் இருப்பது, பெரும்பாலும் இரண்டு உயிர் ஒலிகளுக்கு நடுவே வரும் n. அங்கேதான் ன-வா ண-வா என்று யோசிக்க வேண்டும். மேலே உள்ள பாட்டில் n பல இடங்களில் வருகிறது. அவற்றில் யோசிக்க வேண்டியவை kanne, ponne, mani, manam என்ற நாலு சொற்கள்தான். unaku என்பதில் சந்தேகம் இல்லை என்று முன்பே பார்த்தாகிவிட்டது.

ர-வும் ற-வும் இப்படியே. சொல் ற-வில் தொடங்காது. ர இரட்டிக்காது. ஆகவே தமிழ்ச் சொல்லில் இரட்டிப்பாகக் கேட்டால் அது ற்ற. நடுவில் தனியாக வரும்போதுதான் கரையா, கறையா என்ற கேள்வி.

l-க்கு மட்டும் இந்தச் சட்டம் அதிகம் உதவாது. அதுதான் பெரிய முடிச்சு. ஆச்சியின் பாட்டும் அங்கேதான் சிக்கி நின்றது.

எதுகை சொன்ன சாட்சி

valai, elai, kalai, nalai. நாலு வரிக்கும் நாலு தலைச் சொற்கள். நாலிலும் l.

பாட்டில் எதுகை என்று ஒன்று உண்டு. ஒரு வரியின் முதல் சொல்லையும், அடுத்த வரியின் முதல் சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது எழுத்து இரண்டிலும் ஒன்றாக இருக்கும். முதல் எழுத்தும் அளவில் ஒத்திருக்கும். இங்கே குறில் என்றால் அங்கேயும் குறில். இங்கே நெடில் என்றால் அங்கேயும் நெடில். பட்டுக்குக் கட்டு சேரும். பாட்டுக்குக் காட்டு சேரும். பட்டுக்குப் பாட்டு சேராது.

ஒரு சொல் உறுதியாகிவிட்டால், அதன் ஜோடிச் சொல்லும் தானாக உறுதியாகும். இதுதான் எதுகையின் சாட்சி.

சித்தி கடைசி வரியைப் பிடித்தாள். nalaiku என்பது நாளைக்கு. அதில் சந்தேகம் இல்லை. முதல் எழுத்து நெடில். இரண்டாவது எழுத்து ளை.

அப்படியானால் அதன் ஜோடியான kalai? கலை, களை, காலை, காளை என்று நாலு சொற்கள் வாசலில் நிற்கின்றன. நெடில் வேண்டும் என்றதும் கலையும் களையும் போய்விட்டன. ளை வேண்டும் என்றதும் காலையும் போய்விட்டது. நின்றது காளை.

காளை பூட்டி மாமன் வந்தான்! வண்டியில் காளை பூட்டிக் கொண்டு, தாய்மாமன் வருகிறான். நாளைக்குப் பெயர் வைக்க வேண்டுமே! எதுகை சொன்னதும் அர்த்தம் சொன்னதும் ஒன்றாகிவிட்டன. இரண்டு சாட்சியும் ஒன்றையே சொன்னால், அதற்கு மேல் விசாரணை வேண்டாம்.

அடுத்தது valai. வலை, வளை, வாளை, வாழை. அடுத்த சொல் ilai. அதற்கு அடுத்தது விரிச்சு. வலையையும் விரிப்பார்கள். அதனால்தான் செல்போன்காரர் ஏமாந்தார். ஆனால் "வலை இலை" என்று ஒன்று உண்டா? விருந்துக்கு விரிப்பது வாழை இலை. ஆகவே வாழை. முதல் எழுத்து நெடில். இரண்டாவது எழுத்து ழை.

ஜோடியான elai-க்கும் நெடில் வேண்டும், ழை வேண்டும். இலை என்றால் முதல் எழுத்துக் குறிலாகிவிடும். ஏழை என்றால் பொருந்தும். இலை அல்ல, ஏழை. ஏழைத் தாயின் மனம் மாமனை எதிர்பார்த்து நிற்கிறது. அப்புறம் kathiruka கதிருக்க அல்ல என்பதைச் சொல்லவும் வேண்டுமா? காத்திருக்க.

காது ஏமாற்றும்

"ஆச்சி பாடியதை ஒலிப்பதிவு செய்திருந்தால் இந்தத் தொல்லை இல்லையே" என்று பையன் வருத்தப்பட்டான்.

"அப்போதும் தொல்லைதான் தம்பி" என்றாள் சித்தி.

அவள் சொன்னது சரி. தென் மாவட்டங்களில் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகிவிடும். வாழைப்பழம் அங்கே வாளப்பளம். சென்னையிலோ பழைய தெருப் பேச்சில் அது வாயப்பயம். ஆச்சி பாடியது "வாளை", "ஏளை" என்றுதான் கேட்டிருக்கும். காதால் கேட்டதை அப்படியே எழுதினால் "வாளை இலை". வாளை என்பது மீன். மீனுக்கு ஏது இலை?

ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். தாளில் பார்த்தால் வாழையும் ஏழையும் ஒரு ஜோடி. காளையும் நாளையும் ஒரு ஜோடி. ஆச்சியின் வாயில் நாலும் ஒரே ஓசை. வாளை, ஏளை, காளை, நாளை! அவள் காதுக்கு நாலு வரியும் ஒரே எதுகையில் ஓடின. பாடினவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பாட்டு தடம் புரளாமல் நின்றது அந்த ஓசையால்தான்.

ராகமும் ஏமாற்றும். தாலாட்டில் குறிலையும் இழுத்துப் பாடுவார்கள். கேட்கிறவர் அதை நெடில் என்று எண்ணி aa போட்டுவிடுவார். மணி மாணி ஆகிவிடும். ஆகவே ராகத்தின் நீளத்தைச் சொல்லின் நீளம் என்று எடுத்துக் கொள்ளக் கூடாது.

ஒலிப்பதிவு வேண்டாம் என்பதல்ல. சொல் எங்கே முடிகிறது, வரி எங்கே உடைகிறது, குரல் எங்கே ஏறுகிறது என்பதற்கு அதுபோல் சாட்சி இல்லை. ழ-வுக்கும் ள-வுக்கும் மட்டும் அதன் வார்த்தையைக் கொண்டு தீர்ப்பு எழுதக் கூடாது.

கண்ணும் பொன்னும்

எதுகையும் எல்லா இடத்திலும் கை கொடுக்காது. முதல் இரண்டு வரியைப் பாருங்கள். kanne, ponne.

kanne கண்ணே. குழந்தையை வேறு எப்படிக் கூப்பிடுவது? அதில் ண். எதுகைச் சட்டத்தை முரட்டுப் பிடியாகப் பிடித்தால் ponne-யும் பொண்ணே ஆக வேண்டும். செல்போன்காரர் அப்படித்தான் எழுதி இருந்தார். பேச்சில் பொண்ணு என்று ஒரு சொல் இருப்பதால், அது தப்பாகவும் தெரியவில்லை.

ஆனால் நாட்டுப்புறப் பாட்டில் ண்ண-வும் ன்ன-வும் ஜோடி சேரும். ஓசை கிட்டத்தட்ட ஒன்று என்பதால், பாடுகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. கண்ணே என்றால் அடுத்தது பொன்னே என்று வருவது தாலாட்டில் மிகவும் பழக்கமான ஜோடி. இங்கே பொன்னா, பொண்ணா?

இதற்கு விடை எழுத்தில் இல்லை, குடும்பத்தில் இருந்தது. ஆச்சி இந்தப் பாட்டை முதன்முதலில் பாடியது தன் மூத்த பிள்ளைக்கு. அவன் ஆண் பிள்ளை. அவனைப் பொண்ணே என்று பாடி இருக்க மாட்டாள். ஆகவே பொன்னே. mani-யில் சிக்கல் இல்லை. நூலில் கோர்ப்பது மணி.

திருத்துகிறவரின் ஆசை

எழுதத் தெரிந்தவருக்கு ஓர் ஆசை வரும். "வச்சு என்று எழுதலாமா? வைத்து என்று திருத்திவிடுவோம். பேர் என்பது கொச்சை. பெயர் என்று போடுவோம்."

இது எழுத்தைக் கண்டுபிடிக்கிற வேலை அல்ல. பாட்டை மாற்றுகிற வேலை. "உன் பேர் வைக்க" என்று பாடினால் தாளம் நிற்கும். "உன் பெயர் வைக்க" என்றால் ஓர் எழுத்து கூடி, தொட்டில் இடறும். ஆச்சி வச்சு என்று பாடினாள். பையனும் vachu என்றுதான் அடித்திருக்கிறான். அங்கே குழப்பமே இல்லாதபோது, திருத்த என்ன உரிமை? சித்தி விரிச்சு, வச்சு, பேர் மூன்றையும் அப்படியே விட்டாள்.

வாழை என்று மட்டும் ஏன் திருத்தினாள்? ஆச்சி வாளை என்றுதானே பாடினாள்? நியாயமான கேள்வி. வச்சு என்பது வேறு சொல் வடிவம். அதற்குத் தனி எழுத்து உண்டு, படிப்பவருக்கும் புரியும். வாளை என்று எழுதினால் படிப்பவர் மீனை நினைப்பார். ஒலியை எழுதுவதா, பொருளை எழுதுவதா என்ற இடத்தில், பொருள் கெடாத வரையில் ஒலிக்கு இடம் கொடுக்கலாம்.

இனிமேல் தட்டுகிறவர்களுக்கு ஒரு சின்ன வழி உண்டு. தமிழ் எழுத வராவிட்டால், ழ-வுக்கு zh என்றும், ள-வுக்குப் பெரிய L என்றும், ண-வுக்குப் பெரிய N என்றும் போடலாம். நெடிலுக்கு எழுத்தை இரட்டிக்கலாம். vaazhai, kaaLai, maNi என்று இருந்தால், பெறுகிறவர் பாதி ராத்திரி விழிக்க வேண்டியதில்லை. எது என்று தெரியாவிட்டால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடலாம். தெரியாததைத் தெரிந்தது போல் எழுதுவதைவிட அது மேல்.

மனமா? மணமா?

கடைசியில் ஒரு சொல் மிஞ்சியது. manam.

ஏழை மனம் காத்திருக்க. ஏழை மணம் காத்திருக்க. மணம் என்றால் கல்யாணம். ஏழை வீட்டுக் கல்யாணம் மாமனுக்காகக் காத்திருக்கிறது என்றும் ஒருவர் வாதாடலாம். எதுகை இங்கே பேசாது. இது வரியின் முதல் சொல் அல்ல. பாட்டு பெயர் வைப்பதைப் பற்றியது என்பதால் மனம்தான் பொருத்தம். ஆனாலும் சித்திக்கு முழுத் திருப்தி வரவில்லை. தாளில் மனம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

ஆச்சியின் அக்காள் ஒருத்தி பக்கத்து ஊரில் இருந்தாள். வயது 80-க்கு மேல். சித்தி போனில் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, அம்மா பாடுமே ஒரு தாலாட்டு, வாழை இலை விரிச்சு வச்சு. அதில் அடுத்த வரி உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாமல்? எங்க அம்மா எங்க ரெண்டு பேருக்கும் பாடினதுதானே" என்றாள் பெரியம்மா. போனிலேயே பாடியும் காட்டினாள்.

அவள் பாடியது "ஏழை மனசு காத்திருக்க" என்று.

மனசு! தங்கை மனம் என்று பாடியதை, அக்காள் மனசு என்று பாடுகிறாள். மணத்துக்கு மனசு என்று ஒரு பெயர் கிடையாது. சித்தி கேள்விக்குறியை அடித்தாள். மனம் என்பதை அப்படியே வைத்துக் கொண்டு, "பெரியம்மா பாடுவது: மனசு" என்று ஓரத்தில் சிறிதாக எழுதினாள். பையனுக்குப் போன பாட்டு இது:

கண்ணே உனக்குத் தொட்டில் கட்டி வச்சேன் வேம்பிலே
பொன்னே உனக்கு மணி கோர்த்து வச்சேன் நூலிலே
வாழை இலை விரிச்சு வச்சு
ஏழை மனம் காத்திருக்க
காளை பூட்டி மாமன் வந்தான்
நாளைக்கு உன் பேர் வைக்க